முதல் கணக்கை முழுவதும் தீர்த்துக் காட்டுங்கள்: மாலை வகுப்பில் கற்பிக்கப் புதிதாக வருவோருக்கு

காசிமேட்டை ஒட்டிய தெரு ஒன்றில், மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறையில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணிதம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். முதல் ஆண்டில் நான் செய்தது, புதிதாக வருகிற எல்லாரும் செய்வதுதான். நீக்கல் முறையில் ஒரு கணக்கைக் கரும்பலகையில் வேகமாகப் போட்டுக் காட்டினேன். பலகை சிறியது என்பதால் மேல்பாதியை அழித்துக் கீழ்ப்பாதியைத் தொடர்ந்தேன். பிறகு பயிற்சியில் இருந்த பத்துக் கணக்குகளையும் போடச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மூன்றாவது கணக்கிலேயே பாதிப் பேர் பேனாவை வைத்துவிட்டார்கள். ஒரு பையன் மட்டும் எல்லாவற்றையும் முடித்துக் கொண்டுவந்தான், விடைகளும் சரியாகவே இருந்தன. மறுநாள் அதே வகைக் கணக்கு ஒன்றைக் கொடுத்தபோது அவனாலும் தொடங்க முடியவில்லை. முந்தின நாள் எப்படிப் போட்டாய் என்று கேட்டேன். “ஒண்ணு, ரெண்டுன்னு வச்சுப் பாத்துட்டே வந்தேன் மிஸ், நாலு வச்சப்போ வந்துடுச்சு” என்றான்.

அவன் கணக்கைத் தீர்த்திருந்தான். நீக்கல் முறையைக் கற்றிருக்கவில்லை. இந்த இரண்டும் வெவ்வேறு என்பதிலிருந்துதான் அறிதிறன் சுமைக் கோட்பாடு பிறந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஸ்வெல்லர் 1980களின் தொடக்கத்தில் மாணவர்களுக்கு ஒரு விளையாட்டுப் போன்ற கணக்கைக் கொடுத்தார். ஓர் எண் தரப்படும். அதை வேறோர் எண்ணாக மாற்ற வேண்டும். அனுமதிக்கப்பட்டவை இரண்டே செயல்கள், 3ஆல் பெருக்குவது அல்லது 69ஐக் கழிப்பது. எடுத்துக்காட்டாக 31ஐ 3 ஆக்க வேண்டுமானால் 93, 24, 72, 3 என்று போகலாம். எல்லாக் கணக்குகளுக்கும் வழி ஒன்றுதான்: பெருக்கு, கழி, பெருக்கு, கழி என்று மாறி மாறிச் செய்வது. மாணவர்கள் சிரமமில்லாமல் தீர்த்தார்கள். ஆனால் ‘மாறி மாறிச் செய்தால் போதும்’ என்ற அந்த எளிய விதியைக் கண்டுகொண்டவர்கள் மிகச் சிலரே.

காரணத்தை ஸ்வெல்லர் 1988இல் வெளிவந்த கட்டுரையில் விளக்கினார். வழி தெரியாதவர் ஒரு கணக்கின் முன் உட்காரும்போது, இப்போது எங்கே இருக்கிறேன், எங்கே போக வேண்டும், இடையில் உள்ள தூரம் என்ன, அதைக் குறைக்க என்னென்ன செய்யலாம் என்ற நான்கையும் ஒரே நேரத்தில் மனத்தில் தாங்கிக்கொண்டு, ஒவ்வோர் அடிக்குப் பிறகும் அவற்றைத் திருத்திக்கொண்டே போகிறார். மனத்தின் வேலைமேசை, அதாவது செயல்படு நினைவகம், மிகச் சிறியது. ஜார்ஜ் மில்லர் 1956இல் ஏறத்தாழ ஏழு பொருள்கள் என்று மதிப்பிட்டார். நெல்சன் கோவன் 2001இல் நான்கை ஒட்டித்தான் வரும் என்று வாதிட்டார். அந்த மேசை முழுவதும் விடையைத் தேடுவதிலேயே நிரம்பிவிட்டால், ‘இந்த மாதிரிக் கணக்கு வந்தால் இப்படித் தொடங்க வேண்டும்’ என்பதைக் கவனித்து நீண்டகால நினைவில் சேர்த்துவைக்க இடம் மிஞ்சுவதில்லை.

இதே பிள்ளைகளிடம் நினைவுத்திறன் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். காலையில் அம்மாவோடு மீன் கூடையின் அருகில் உட்காரும் ஒரு பெண், கிலோ 320 ரூபாய் மீனில் முக்கால் கிலோ என்றால் 240 என்று மூச்சுவிடும் நேரத்தில் சொல்வாள். அவளுக்கு ‘முக்கால்’ என்பது நாலில் மூன்று பங்கு, முதலில் வகு, பிறகு பெருக்கு என்ற மூன்று பொருள்களாக இல்லை; பலநூறு முறை செய்து ஒரே கட்டாக நீண்டகால நினைவில் இருக்கிறது. அந்தக் கட்டை வேலைமேசைக்கு எடுத்துவரும்போது அது ஒரே ஓர் இடத்தைத்தான் அடைக்கும். நீக்கல் முறையில் அவளுக்கு அத்தகைய கட்டு இன்னும் உருவாகவில்லை, அவ்வளவே. அதை உருவாக்கும் வரையில் தேடும் வேலையை அவள் தலையிலிருந்து இறக்கிவைப்பதற்காகத்தான் தீர்த்துக் காட்டிய கணக்கைப் பயன்படுத்துகிறோம்.

வகுப்புக்கு முன்: எது முன்பே தெரிந்திருக்க வேண்டும்

நீக்கல் முறைக்குள் மூன்று பழைய திறன்கள் மறைந்திருக்கின்றன: ஒரு சமன்பாட்டின் எல்லா உறுப்புகளையும் ஓர் எண்ணால் பெருக்குவது, குறை எண்களைக் கழிப்பது, 3x + 4 = 16 போன்ற ஒரு மாறிச் சமன்பாட்டைத் தீர்ப்பது. முதல் நாள் பத்து நிமிடம் ஒதுக்கி இவற்றைத் தனித்தனியே கேட்டுப் பாருங்கள். −4 − 15 எவ்வளவு என்று கேட்டால் 11 என்றோ −11 என்றோ பதில் வருமானால், அந்தப் பிள்ளைக்கு நீக்கல் முறையை அன்று தொடங்க வேண்டாம். குறை எண்களை மட்டும் எண்கோட்டில் இரண்டு நாள் பழக்கிவிட்டுத் தொடங்குவது, பார்ப்பதற்குத் தாமதம்போல் தோன்றினாலும் கடைசியில் நேரத்தை மிச்சப்படுத்தும். தீர்த்துக் காட்டிய கணக்கு தேடும் சுமையைத்தான் நீக்கும். பாடத்துக்கே உரிய சுமையை அது குறைக்காது, அதை முன்தயாரிப்புதான் குறைக்கும்.

கணக்கைத் தாளில் எழுதுவது

கரும்பலகையை நம்பாமல், கணக்கைத் தாளில் எழுதிப் பிள்ளைக்கு ஒன்றாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள். பலகையில் அழிந்துபோன வரியைப் பிள்ளை தன் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தாளில் உள்ள வரியைத் திரும்பிப் பார்த்தால் போதும். எங்கள் அறைக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். பாதிக் கணக்கை மனத்தில் வைத்திருக்கும் பிள்ளை அந்தச் சத்தத்தில் தலையைத் தூக்கினால் அத்தனையும் கலைந்துவிடும். தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை விட்ட இடத்தில் விரலை வைத்திருக்கும்.

நான் முதல் தாளில் கொடுப்பது இது:

```
3x + 2y = 16            ... (1)
2x + 5y = 18            ... (2)

x-இன் கெழுக்களைச் சமமாக்குவோம்:
(1) × 2 :  6x +  4y = 32   ... (3)
(2) × 3 :  6x + 15y = 54   ... (4)

6x இரண்டிலும் உள்ளது; கழித்தால் x நீங்கும்:
(4) − (3) :     11y = 22
                  y = 2

y = 2 என (1)-இல் இட:
          3x + 4 = 16
              3x = 12
               x = 4

சரிபார்ப்பு, (2)-இல்: 8 + 10 = 18
```

இதில் கவனிக்க வேண்டியது, காரணங்கள் எழுதப்பட்டிருக்கும் இடம். ‘x-இன் கெழுக்களைச் சமமாக்குவோம்’ என்பது, அந்த வேலை நடக்கும் வரிக்கு நேர்மேலே நிற்கிறது. நான் முன்பு கணக்கை இடப்பக்கத்திலும் விளக்கங்களைத் தாளின் அடியில் 1, 2, 3 என்று எண்ணிட்டும் எழுதியிருந்தேன். பார்க்க அழகாக இருந்தது, படிப்பதற்கு உதவவில்லை. பிள்ளை வரியைப் பார்த்து, எண்ணை நினைவில் வைத்து, அடிக்குப் போய், விளக்கத்தைப் படித்து, மறுபடி மேலே வந்து வரியைத் தேட வேண்டியிருந்தது. இந்தக் குறைபாட்டைத் தார்மிசியும் ஸ்வெல்லரும் 1988இல் வடிவியல் கணக்குகளில் கண்டறிந்தார்கள். படம் ஓரிடத்திலும் தீர்வு வேறோரிடத்திலுமாகப் பிரிந்து கிடந்தபோது, தீர்த்துக் காட்டிய கணக்கு பயன் தரவில்லை. தீர்வைப் படத்தின்மேலேயே கோணத்துக்குப் பக்கத்தில் எழுதியபோதுதான் பயன் தெரிந்தது. ஆகவே முக்கோணக் கணக்குகளுக்குத் தாள் தயாரிக்கும்போது, ∠ABC = 40° என்பதைப் படத்தின் கீழே எழுதாமல் அந்தக் கோணத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.

விளக்கத்தை நீட்டவும் வேண்டாம். 16ஐ 2ஆல் பெருக்கினால் 32 என்பதற்கெல்லாம் வரி எழுதினால், தெரிந்ததையும் படித்து ஒதுக்குவது பிள்ளைக்கு ஒரு வேலையாகிவிடும்.

படித்ததும் உடனே ஒன்று

தாளைக் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். இது சொல்ல எளிது, செய்யக் கடினம். படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் நாம் பேசினால், படிக்கவும் கேட்கவும் ஒரே நேரத்தில் முடியாமல் அது தவிக்கும். பிறகு அதே அமைப்பில் உள்ள ஒரு கணக்கைக் கொடுத்துத் தானாகப் போடச் சொல்லுங்கள்:

```
2x + 3y = 13
5x + 4y = 22
```

இதற்கு x = 2, y = 3. இப்படித் தீர்த்த கணக்கு ஒன்று, தீர்க்காத கணக்கு ஒன்று என்று இணைசேர்ப்பதுதான் ஸ்வெல்லரும் கூப்பரும் 1985இல் இயற்கணிதத்தில் சோதித்துப் பார்த்த முறை. எல்லாவற்றையும் தாமாகவே தீர்த்த மாணவர்களைவிட, இணைகளாகப் படித்தவர்கள் குறைந்த நேரத்தில் படித்து முடித்தார்கள். பின்னர் வந்த ஒத்த கணக்குகளை விரைவாகவும் குறைந்த பிழைகளுடனும் போட்டார்கள். ஆனால் அமைப்பு மாறிய கணக்குகளில் அவர்களுக்கு அந்த முன்னிலை கிடைக்கவில்லை. இதை நினைவில் வையுங்கள். கீழே மறுபடி வருகிறேன்.

இணையின் இரண்டாவது கணக்குக்கு ஒரு மறைமுகமான பயனும் உண்டு. அடுத்தது தானே போட வேண்டியது என்று தெரிந்தால்தான் பிள்ளை முதல் தாளைக் கவனமாகப் படிக்கும். வெறும் தாளை மட்டும் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்: நோட்டில் அழகாகப் பார்த்து எழுதி, அடிக்கோடும் இட்டுவிட்டு, “முடிச்சிட்டேன் மிஸ்” என்று நீட்டுவார்கள். பார்த்து எழுதுவதற்கு நீக்கல் முறை தெரிந்திருக்க வேண்டியதில்லை, எழுத்து தெரிந்திருந்தால் போதும்.

படித்தார்களா, பார்த்து எழுதினார்களா என்பதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். (1)ஐ ஏன் 2ஆல் பெருக்கினோம், 5ஆல் பெருக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? “மேல அப்படித்தான் இருக்கு” என்று பதில் வந்தால் அந்தப் பிள்ளை படிக்கவில்லை. “கீழ x-க்கு முன்னாடி 2 இருக்குல்ல, அதனால” என்று வந்தால் போதும். 5ஆல் பெருக்கி, (2)ஐ 2ஆல் பெருக்கினால் y நீங்கும் என்று ஒரு பெண் ஒருமுறை சொன்னாள்; அவளுக்கு அதன்பிறகு தாள் தேவைப்படவில்லை. இக்கேள்வி அவசியம் என்பதற்கு ஆதாரம் உண்டு: மிக்கலீன் சீயும் உடன் ஆய்வாளர்களும் 1989இல் இயற்பியல் மாணவர்களைக் கவனித்தபோது, நன்றாகத் தேறியவர்கள் எடுத்துக்காட்டின் ஒவ்வோர் அடிக்கும் காரணத்தைத் தமக்குத் தாமே விளக்கிக்கொண்டவர்கள், மற்றவர்கள் அதைப் படித்துக் கடந்துவிட்டவர்கள்.

கடைசி வரியிலிருந்து எடுத்துக்கொண்டே போவது

முழுத் தீர்வு உள்ள தாளிலிருந்து வெறுங்கணக்குக்கு ஒரே தாவலில் போகக்கூடாது. இணைகள் இரண்டு மூன்று முடிந்ததும், தீர்வின் கடைசிப் பகுதியை மட்டும் வெறுமையாக விட்டு ஒரு தாள் கொடுக்கிறேன்:

```
3x + 4y = 19            ... (1)
2x + 3y = 13            ... (2)

(1) × 2 :  6x + 8y = 38    ... (3)
(2) × 3 :  6x + 9y = 39    ... (4)

(4) − (3) :      y = 1

y = 1 என (1)-இல் இட:
______________
______________
```

பிள்ளை நிரப்ப வேண்டியது 3x + 4 = 19, x = 5 என்பதை மட்டுமே. அடுத்த தாளில் கழித்தல் வரியும் இருக்காது. அதற்கடுத்ததில் பெருக்கும் வரிகளும் போய்விடும். நான்காவது தாளில் இரண்டு சமன்பாடுகள் மட்டும் நிற்கும். கடைசியிலிருந்து எடுப்பதற்குக் காரணம், கடைசிப் பகுதி பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு மாறிச் சமன்பாடு என்பதும், முடிவு கண்ணெதிரே இருப்பதால் தேட வேண்டியது குறைவு என்பதும்தான். எதைக் கொண்டு பெருக்குவது என்ற முதல் முடிவுதான் இந்த முறையின் கடினமான இடம்; அது கடைசியில்தான் பிள்ளையின் கைக்கு வர வேண்டும்.

ஒவ்வொரு தாளுக்கும் எத்தனை நாள் என்று கேட்பார்கள். நாள் கணக்கு வைக்காதீர்கள். விடை சரியா என்பதோடு, எவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டார்கள் என்பதையும் கேளுங்கள். ஃபிரெட் பாஸ் என்ற ஆய்வாளர் 1992இல் இதற்காக ஒன்பது புள்ளி அளவுகோல் ஒன்றைப் பயன்படுத்தினார்: 1 என்றால் மிக மிகக் குறைவான முயற்சி, 9 என்றால் மிக மிக அதிகம். நான் தாளின் மூலையில் ஒரு வட்டம் வரைந்து அந்த எண்ணை எழுதச் சொல்கிறேன். விடை சரி, எண் 3 என்றால் அடுத்த தாள்; விடை சரி, எண் 8 என்றால் அதே தாளில் இன்னொரு கணக்கு. என் முதல் ஆண்டுப் பையன் இந்த வட்டத்தில் 9 எழுதியிருப்பான், எனக்கும் அன்றே தெரிந்திருக்கும்.

குறி மாறும் இடம்

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது இந்தக் கணக்கில் பாதிப் பேர் விழுவார்கள்:

```
3x − 2y = 4
2x + 5y = 9
```

முறைப்படி பெருக்கினால் 6x − 4y = 8, 6x + 15y = 27. கழித்தால் 15y − (−4y), அதாவது 19y = 19; y = 1, x = 2. பிழை செய்யும் பிள்ளை 11y = 19 என்று எழுதியிருக்கும். 11ஐப் பார்த்ததும் உங்களுக்குத் தெரிந்துவிடும்: முறை புரிந்திருக்கிறது, கழிக்கும்போது குறி மட்டும் தவறிவிட்டது. முழு முறையையும் மறுபடி விளக்காதீர்கள். இந்த ஒரு வரியை மட்டும் பெரிதாக்கி, 6x − 4y = 8 என்பதன் ஒவ்வொரு குறியையும் அதன் கீழேயே மாற்றி எழுதிக் காட்டிய புதிய தாள் ஒன்றைக் கொடுங்கள். மாறாக 6x + 5y = 27 என்று எழுதியிருந்தால், அதாவது முழுச் சமன்பாட்டையும் பெருக்காமல் விட்டிருந்தால், அது வேறு நோய்; அந்தப் பிள்ளை முதல் தாளுக்குத்தான் திரும்ப வேண்டும்.

வாக்கியக் கணக்கு, பழைய எண்களோடு

சொன்னேன் அல்லவா, அமைப்பு மாறினால் முதல் ஆய்வில் பயன் தொடரவில்லை என்று. வாக்கியக் கணக்கில் அது உடனே தெரியும். சமன்பாடு அமைப்பது ஒரு புதிய திறன். அதற்கும் தீர்த்துக் காட்டிய தாள் வேண்டும். இங்கே எனக்குக் கைகொடுத்த உத்தி, முதல் தாளின் எண்களையே மீன் விலையாக மாற்றுவது: 3 கிலோ சங்கராவும் 2 கிலோ நெத்திலியும் 1,600 ரூபாய், 2 கிலோ சங்கராவும் 5 கிலோ நெத்திலியும் 1,800 ரூபாய், ஒரு கிலோ விலை என்ன? தீர்க்கும் பகுதி பிள்ளைக்கு அத்துபடி என்பதால் மேசையில் அது இடம் பிடிக்காது. x என்பது ‘சங்கரா’ அன்று, ஒரு கிலோ சங்கராவின் விலை என்ற ஒன்றை மட்டும் யோசித்தால் போதும். இந்த வேறுபாட்டைத் தவறவிடுபவர்கள் பலர்; தாளில் அந்த வரிக்கு மேலேயே எழுதிவிடுங்கள். விடை சங்கரா 400, நெத்திலி 200 என்று வந்ததும், அந்த மாதத்தில் நெத்திலி அந்த விலைக்குக் கிடைக்காது என்று ஒருவர் சண்டைக்கு வருவார். வரட்டும்.

தாளை நிறுத்துவது

நன்கு தெரிந்துவிட்ட பிள்ளைக்கு முழுத் தீர்வைக் கொடுத்தால், அது உதவாததோடு இடைஞ்சலாகவும் ஆகும். ஸ்லாவா கல்யுகாவும் ஸ்வெல்லரும் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2003இல் இந்தத் தலைகீழ் விளைவை விரிவாக எழுதினார்கள்: தொடக்கநிலையினருக்குச் சுமையைக் குறைத்த அதே விளக்கம், தேர்ந்தவருக்குத் தன் மனத்தில் உள்ள கட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய கூடுதல் சுமையாகிறது. வகுப்பில் இதற்கு அடையாளங்கள் உண்டு. தாளைப் படிக்காமல் நேரே அடிக்குப் போவார்கள்; அல்லது பெருக்கும் வரியை எழுதாமலே 11y = 22 என்று இறங்குவார்கள்; அல்லது 3x + 2y = 16, 5x − 2y = 8 என்ற கணக்கைக் கண்டதும் எதையும் பெருக்காமல் கூட்டி, 8x = 24 என்று எழுதுவார்கள். இந்த மூன்றாவதைச் செய்கிற பிள்ளையிடம் தாளை வாங்கிவிட்டு, பயிற்சியில் உள்ள பத்துக் கணக்குகளையும் கொடுங்கள். பக்கத்தில் இருக்கும் இன்னொரு பிள்ளை அதே நாளில் இரண்டாவது தாளில்தான் இருக்கும். அறையில் பதினைந்து பேர் இருந்தால் நான்கு வகைத் தாள்களும் ஒரே மாலையில் தேவைப்படும். ஆகவே ஒவ்வொன்றிலும் இருபது படி எடுத்து, தனித்தனி உறையில் போட்டு, மேலே எண் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள்.